விமான ஜன்னல் படத்தில் தெரியும் கடற்கரை எது?

கேள்வி: ஜூன் மாதம் ஐரோப்பாவில் பல விமானங்களில் பறந்தபோது எடுத்த படம் இது. எந்த விமானத்தில் எடுத்தது என்று நினைவில்லை, இறக்கையும் படத்தில் இல்லை. கீழே சதுரம் சதுரமாக வயல்கள், அப்பால் பளபளக்கும் குட்டைகள், அதற்கும் அப்பால் நேரான கடற்கரை. கரையையொட்டிக் கடலுக்குள் வெள்ளைக் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. போன் காட்டும் நேரம் காலை 8.13. இது எந்த இடம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ஆட்ரியாடிக் கரை. பளபளப்பவை செர்வியா என்ற ஊரின் உப்பளங்கள். உங்கள் விமானம் அப்போது ஃபோர்லி நகரத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே இருந்திருக்கிறது, ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். இதே வழி உங்களுடைய மற்ற படங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இந்த வேலையில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். படத்தில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, "இது போன்ற குட்டைகள் எங்கே இருக்கின்றன" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். உப்பளம் நூறு இடங்களில் உண்டு, நேரான மணல் கரை அதைவிட அதிகம், சதுர வயலுக்கும் பஞ்சமில்லை. தனித்தனியாக எடுத்தால் எதுவுமே அடையாளம் ஆகாது. வயல் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, ஒரு சதுரம் எத்தனை மீட்டர், அந்தக் கோடுகளைக் கடற்கரை எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே இடம்தான். அதனால் பெயரைத் தேடும் முன் திசையையும் அளவையும் எடுத்துவிட வேண்டும்.

கோப்பில் என்ன இருக்கிறது

நீங்கள் மூலக் கோப்பையே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் உள்ளே இருக்கும் விவரங்கள் எல்லாம் உதிர்ந்து, படமும் சுருங்கியிருக்கும். கோப்பில் `DateTimeOriginal` என்ற இடத்தில் ஜூன் நடுவில் ஒரு தேதியும் 8.13 என்ற நேரமும் உள்ளன. `OffsetTimeOriginal` என்பதில் `+02:00` என்று இருக்கிறது, அதாவது மத்திய ஐரோப்பியக் கோடை நேரம். `FocalLengthIn35mmFilm` என்பது 26. படத்தின் அகலம் 4032 பிக்சல். ஜிபிஎஸ் விவரம் இல்லை.

நேர மண்டலத்தைப் பார்க்காமல் நேரத்தை நம்பக் கூடாது. ஏரோப்ளேன் மோடில் இருக்கும் போன், கிளம்பிய ஊரின் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். லண்டனில் ஏறி இத்தாலிக்கு மேலே எடுத்த படம் என்றால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் காலைச் சூரியன் சுமார் 11 டிகிரி மேலே ஏறிவிடும், கணக்கு முழுவதும் சரிந்துவிடும். உங்கள் கோப்பில் நேர மண்டலமும் பதிவாகியிருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

அளப்பதற்கு முன் படத்தைக் கொஞ்சம் துலக்க வேண்டும். உயரத்திலிருந்து எடுத்த படத்தில் நீலப் புகை மூட்டம் படிந்திருக்கும். கருமையைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, மாறுபாட்டை ஏற்றினால் வயல் வரப்புகள் எழுந்து வரும். இறக்கைக்குப் பின்னால் உள்ள இருக்கை என்றால் இன்ஜினிலிருந்து வரும் வெப்பக் காற்று படத்தின் ஒரு பகுதியைக் கலங்கலாக்கிவிடும். அந்தப் பகுதியில் எதையும் அளக்காமல் இருப்பதே மேல்.

பளபளப்பு சொல்லும் திசை

குட்டைகள் ஏன் பளபளக்கின்றன? சூரிய ஒளி அமைதியான நீரில் பட்டு நேராக உங்கள் கேமராவுக்குத் தெறிக்கிறது. அது நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, சூரியன் இருக்கும் திசையிலேயே அந்த நீரும் இருக்க வேண்டும். இரண்டு, சூரியன் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே இருக்கிறதோ, அந்த நீர் உங்கள் கண் மட்டத்திலிருந்து அத்தனை டிகிரி கீழே இருக்க வேண்டும். ஆக, சூரியன் படத்தில் இல்லாவிட்டாலும் அதன் திசையும் உயரமும் படத்திலேயே பதிவாகியிருக்கின்றன.

NOAA Solar Calculator போன்ற கணிப்பானில் தேதி, நேரம், உத்தேசமாக ஓர் இடம் மூன்றையும் கொடுத்தால் சூரியன் எங்கே என்று சொல்லிவிடும். இடம் தெரியாதபோது இடத்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். நிலத்துக்கு அப்பால் கிழக்கே கடல் இருக்கும் கரைகளில் சிலவற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். வட ஆட்ரியாடிக்கின் இத்தாலியக் கரையைக் கொடுத்தால், அந்த நேரத்தில் சூரியன் வடக்கிலிருந்து 83 டிகிரியில், அதாவது கிழக்குக்குச் சற்று வடக்கே, 27 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியா கரையைக் கொடுத்தால், கடிகார நேரம் அதேதான் என்றாலும் ஊர் மேற்கே தள்ளி இருப்பதால் சூரியன் இன்னும் தாழ்வாக, 17 டிகிரியில்தான் இருக்கும்.

எது சரி என்று படத்திலேயே அளந்துவிடலாம். 26 மில்லிமீட்டர் லென்ஸ், 4032 பிக்சல் அகலம் என்றால் படத்தின் நடுப்பகுதியில் ஒரு டிகிரிக்குச் சுமார் 53 பிக்சல் வரும். உங்கள் படத்தில் தொடுவானக் கோட்டிலிருந்து அதிகம் ஒளிரும் குட்டை வரை கிட்டத்தட்ட 1,270 பிக்சல் இருக்கிறது, அதாவது 24 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. இதோடு இன்னொன்றைக் கூட்ட வேண்டும். 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது பூமியின் வளைவால் தொடுவானம் உண்மையான கிடைமட்டத்துக்கு 3.4 டிகிரி கீழே இருக்கும். இரண்டையும் கூட்டினால் 27 டிகிரி வருகிறது. வலென்சியாவாக இருந்திருந்தால் அந்தத் தூரம் 720 பிக்சல் அளவுக்குத்தான் இருந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவுப் பிழையில் மறைந்துபோகும் வித்தியாசம் அல்ல.

பளபளப்பு ஒரு புள்ளியாக இருக்காது, சிற்றலைகளால் இரண்டு மூன்று டிகிரி பரவியிருக்கும். அதனால் இதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. எந்தக் கடலின் எந்தப் பக்கம் என்று சொல்ல இது போதும். கேமரா ஏறக்குறைய கிழக்கே பார்க்கிறது, நிலத்துக்கு அப்பால் கடல் இருக்கிறது. இதிலேயே ஐரோப்பாவின் மேற்குக் கரைகள் அத்தனையும் கழிந்துவிட்டன.

ஒரு சதுரம் எத்தனை மீட்டர்

கீழ்நோக்கிய கோணம் கிடைத்துவிட்டால் தூரமும் கிடைத்துவிடும். ஜெட் விமானம் வழக்கமாகப் பறக்கும் 11 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டால், 27 டிகிரி கீழே தெரியும் இடம் தரையில் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாய்வாக, கேமராவிலிருந்து நேர்க்கோட்டில், 24 கிலோமீட்டர். அந்தத் தொலைவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 8 மீட்டர். விமானம் 10 கிலோமீட்டரில் பறந்திருந்தால் எல்லாமே பத்து சதவீதம் சுருங்கும், 12-இல் பறந்திருந்தால் அதே அளவு விரியும். இந்தப் பிழையை மனதில் வைத்துக்கொண்டே மேலே போக வேண்டும்.

அளக்கும்போது படத்தின் குறுக்காக, இடமிருந்து வலமாகத்தான் அளக்க வேண்டும். உங்களை விட்டு விலகிப் போகும் திசையில் எல்லாம் நசுங்கித் தெரியும். 27 டிகிரிப் பார்வையில் ஆழம் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். உண்மையான சதுரம் படத்தில் பட்டையான செவ்வகமாகத் தெரிவது இதனால்தான். இதைக் கவனிக்காமல் "இவை நீளமான வயல்கள்" என்று முடிவு கட்டினால் தேடல் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

குட்டைகளுக்கு வலப்பக்கம், ஏறக்குறைய அதே தொலைவில் உள்ள சதுரங்களின் குறுக்களவு 85 முதல் 90 பிக்சல். அதாவது 700 மீட்டருக்குப் பக்கம். உள்ளே சிறு வயல்கள் நீள நீளமான கீற்றுகளாக இருந்தாலும், வெளிக்கட்டம் சாலைகளாலும் வாய்க்கால்களாலும் இதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது.

ஐரோப்பாவில் 700 மீட்டர்க் கட்டம் என்றவுடன் இத்துறையில் பழகியவர்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும். ரோமானியர்கள் போர்வீரர்களுக்கும் குடியேறிகளுக்கும் நிலம் பிரித்துக் கொடுத்தபோது 20 ஆக்டஸ் பக்கமுள்ள சதுரங்களாக அளந்தார்கள். அது இன்றைய கணக்கில் சுமார் 710 மீட்டர். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியின் பல பகுதிகளில் சாலையும் வாய்க்காலும் அந்தக் கோடுகளிலேயே ஓடுகின்றன. நெதர்லாந்திலும் கட்டம் கட்டமான நிலம் உண்டு, ஆனால் கடலை வற்றவைத்து எடுத்த அந்த நிலங்களில் அணைக்கரைகளும் நீண்ட கீற்று வயல்களும்தான் முதலில் கண்ணில் படும். சூரியக் கணக்கும் அங்கே பொருந்தாது.

கோடுகளின் திசை

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சாய்வாக எடுத்த படத்தில் தரையில் உள்ள கோணங்கள் எல்லாம் கோணலாகிவிடும். ஆனால் ஒரு விதி மட்டும் மாறாது. தரையில் இணையாக ஓடும் கோடுகளைப் படத்தில் நீட்டிக்கொண்டே போனால், அவை உண்மையான கிடைமட்டத்தில் ஒரே புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறதோ, அதுதான் தரையில் அந்தக் கோடுகளின் திசை. கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தில் அல்ல, அதற்கு 3.4 டிகிரி மேலே, இந்தப் படத்தில் கிட்டத்தட்ட 190 பிக்சல் மேலே ஒரு கோடு போட்டு அதில் பார்க்க வேண்டும்.

செய்முறை எளிது. ஏதாவதொரு படத்திருத்தச் செயலியில் படத்தைத் திறந்து, தொடுவானம் சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். பிறகு விலகிப் போகும் சாலைகளில் நன்றாகத் தெரியும் ஐந்தாறை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு நேர்க்கோட்டை வைத்து மேலே நீட்டுங்கள். உங்கள் படத்தில் அவை சந்திக்கும் இடம், பளபளப்பின் நடுவிலிருந்து வலப்பக்கம் ஏறக்குறைய 370 பிக்சல் தள்ளி இருக்கிறது, அதாவது 7 டிகிரி. பளபளப்பின் திசை 83. கூட்டினால் 90. இந்தச் சாலைகள் கிழக்கு மேற்காகவே ஓடுகின்றன, அவற்றை வெட்டும் சாலைகள் வடக்கு தெற்காக.

இது ஏன் முக்கியம்? இந்த வட்டாரத்தின் ரோமானியக் கட்டங்கள் பெரும்பாலும் வியா எமிலியா என்ற நெடுஞ்சாலைக்கு ஒத்து வரையப்பட்டவை. அந்தச் சாலை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து போவதால் கட்டங்களும் சாய்ந்திருக்கும். அந்த வரிசையில் செசேனா என்ற ஊருக்கும் கடலுக்கும் இடையில் உள்ள கட்டம் மட்டும் விலகி நிற்கிறது. அது வடக்கு தெற்காக, வானத்தின் திசையைப் பார்த்து வரையப்பட்டது.

கடற்கரையின் கோணத்தை இதே முறையில் எடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது சந்திக்க வேண்டிய புள்ளி படத்துக்கு வெளியே போய்விடுகிறது. அதற்கு வேறு வழி உண்டு. வயல்களே வரைபடத்தாள் போலக் கட்டம் போட்டுக் கிடக்கின்றன. கட்டக் கோடுகளைக் கரை வரை நீட்டி எண்ணிப் பாருங்கள். தெற்கே நான்கு சதுரம் போகும்போது கரை கிழக்கே மூன்று சதுரம் விலகுகிறது. முக்கால் என்ற விகிதத்துக்கு உரிய கோணம் 37 டிகிரி. அதாவது கரை வடக்கு தெற்குக் கோட்டிலிருந்து 37 டிகிரி சாய்ந்து தென்கிழக்காக ஓடுகிறது. செர்வியாவிலிருந்து ரிமினி வரை வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அதே கோணம் வரும். இந்த எண்ணிக்கைக்கு லென்ஸும் வேண்டாம், உயரமும் வேண்டாம், சூரியனும் வேண்டாம். அதனால்தான் நான் மற்ற அளவுகளைவிட இதை அதிகம் நம்புகிறேன்.

கரையிலும் ஊரிலும் பார்க்க வேண்டியவை

கடலுக்குள் வரிசையாகத் தெரியும் வெள்ளைக் கோடுகள் அலைத் தடுப்புகள். கரையோடு சேராமல், கரைக்கு இணையாகக் கற்களைக் கொட்டிக் கட்டியவை. உருப்பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் மணல் சற்றே வீங்கி நாக்கு நீட்டியிருப்பது தெரியும். அலை தணியும் இடத்தில் மணல் படிவதால் வருவது அது. இப்படிப்பட்ட தடுப்புகள் பல நாடுகளில் உண்டு, ஆனால் கிலோமீட்டர் கணக்கில் விடாமல் தொடர்வது இத்தாலியின் ஆட்ரியாடிக் கரைக்கு உரிய காட்சி.

குட்டைகள் உப்பளமா, மீன் பண்ணையா, நெல் வயலா என்பதையும் தீர்மானிக்க வேண்டும். ஜூனில் நெல் வயல் பச்சை கட்டத் தொடங்கியிருக்கும், கண்ணாடி போல ஒளிராது. மீன் பண்ணைக் குளங்கள் பொதுவாக ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும். உப்பளத்தில் பெரிய பாத்திகள் ஒரு பக்கமும் சின்னச் சின்னப் பாத்திகள் மறுபக்கமும் இருக்கும், பாத்திக்குப் பாத்தி நிறம் மாறும். உப்பு அடர்த்தி ஏற ஏற அதில் வாழும் நுண்ணுயிர்களால் நீர் இளஞ்சிவப்பாகும். உங்கள் படத்தில் ஒளிராத ஓரப் பாத்திகள் சிலவற்றில் அந்தச் சிவப்பு மெலிதாகத் தெரிகிறது.

இதற்குப் பிறகு மாற்று இடங்களைக் கழித்துவிடலாம். ஆட்ரியாடிக்கில் மார்கெரிட்டா டி சவோயா என்ற ஊரில் இதைவிடப் பெரிய உப்பளம் இருக்கிறது, ஆனால் அது கடற்கரையை ஒட்டியே நீண்ட பட்டையாகக் கிடக்கிறது. உங்கள் படத்தில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஊரே இருக்கிறது. ஸ்லோவேனியாவின் செச்சோவ்லியே உப்பளம் மலை சூழ்ந்த விரிகுடாவுக்குள் இருக்கிறது, நேரான கரை கிடையாது. சிசிலியின் டிரபானி உப்பளங்களோ மேற்கே பார்த்தவை. பதுவா நகருக்கு வடகிழக்கே தெளிவான ரோமானியக் கட்டம் உண்டு, ஆனால் அங்கிருந்து கடல் பக்கம் பார்த்தால் முதலில் வருவது வெனிஸ் காயல். இப்படி நேராகத் திறந்த கரை வராது.

ரோமானியக் கட்டம் பற்றி எதுவும் தெரியாதவர்கள் வரைபடத் தரவையே கேட்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உப்பளத்துக்கும் அலைத் தடுப்புக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. overpass-turbo.eu தளத்தில் இதை ஒட்டி ஓடவிட்டால், உப்பளத்திலிருந்து 6 கிலோமீட்டருக்குள் உள்ள அலைத் தடுப்புகளை மட்டும் காட்டும்:

```
[out:json][timeout:90];
nwr["landuse"="salt_pond"](40.5,12.0,45.8,18.6)->.s;
way["man_made"="breakwater"](around.s:6000);
out center;
```

அடைப்புக்குள் இருப்பவை தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு எல்லைகள். வேறு கடலுக்கு அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தரவு தன்னார்வலர்கள் வரைந்தது. ஓர் இடம் பட்டியலில் வரவில்லை என்பதால் அங்கே உப்பளம் இல்லை என்று ஆகாது.

ஊர்களைப் பொறுத்தவரை, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் கட்டடத்தைத் தேடிப் பயனில்லை, ஒரு பெரிய கட்டடமே பத்துப் பிக்சலுக்குள் முடிந்துவிடும். ஊரின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இங்கே கரை நெடுகிலும் கடற்கரை விடுதிகள் ஒல்லியான பட்டையாக ஓடுகின்றன. அதில் அங்கங்கே பட்டை உள்நாட்டுப் பக்கம் புடைக்கிறது. புடைக்கும் இடங்களில் ஒரு வாய்க்கால் ஊருக்குள் புகுந்து, இரண்டு இணையான கரைச் சுவர்களோடு கடலுக்குள் நீண்டிருக்கிறது. இவைதான் பழைய வாய்க்கால் துறைமுகங்கள், புடைப்பு பழைய ஊர். செர்வியாவில் அப்படி ஒன்று, அதற்குத் தெற்கே செசெனாட்டிக்கோவில் இன்னொன்று. இரண்டும் உங்கள் படத்தில் இருக்கின்றன.

சரிபார்ப்பு

ஊகத்துக்குப் பயன்படுத்திய விஷயங்களையே மறுபடி பார்த்துத் "ஆமாம், பொருந்துகிறது" என்று சொல்வது சரிபார்ப்பு ஆகாது. இதுவரை தொடாத விவரங்கள் பொருந்த வேண்டும். அதற்குக் கூகுள் எர்த் ப்ரோவில் கேமராவை அதே இடத்தில், அதே உயரத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான் சிறந்த வழி. கீழே உள்ளதை `.kml` என்ற பின்னொட்டோடு சேமித்துத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் வரும் பெயரை இருமுறை சொடுக்குங்கள்:

```
<kml xmlns="http://www.opengis.net/kml/2.2">
<Placemark><name>window</name>
<Camera>
<longitude>12.06</longitude><latitude>44.23</latitude>
<altitude>11000</altitude>
<heading>85</heading><tilt>75</tilt>
<altitudeMode>absolute</altitudeMode>
</Camera></Placemark></kml>
```

`tilt` என்பது 0 என்றால் நேர் கீழே, 90 என்றால் கிடைமட்டம். உங்கள் படத்தின் நடுப்பகுதி கிடைமட்டத்துக்கு 15 டிகிரி கீழே இருப்பதால் 75. இதைத் திறந்து உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தானாக வந்து உட்காருகின்றன. உப்பளத்திலிருந்து கடலுக்குப் போகும் ஒற்றை வாய்க்கால் செர்வியா ஊரின் நடுவே போகிறது. அதற்கு இடப்பக்கம் விடுதிகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் கருப்பாகத் தெரியும் பட்டை, பைன் மரக் காடு. இன்னும் இடப்பக்கம் வளைந்து வளைந்து வந்து கடலில் சேரும் ஆறு, சாவியோ. இவற்றில் காட்டையும் ஆற்றையும் நான் தேடலில் பயன்படுத்தவே இல்லை.

பாத்திகளின் நிறமும் நீரளவும் கூகுள் எர்த்தோடு ஒத்துவராவிட்டால் கவலைப்படாதீர்கள், அந்தப் படம் வேறு பருவத்தில் எடுத்ததாக இருக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பிக்சல் 10 மீட்டர், சில நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கும். உங்கள் தேதிக்குப் பக்கத்தில் மேகமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாத்தியில் நீர் இருந்தது என்பது வரை ஒப்பிடலாம்.

விமானத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்த்தால் அந்தப் பாதையில் உள்ள ஊர்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடும். மியூனிக்கிலிருந்து ரோமுக்கு நேர்க்கோடு போட்டால் அது ஃபோர்லிக்கு மிக அருகில் போகிறது. தெற்கே போகும் விமானத்தில் கிழக்கைப் பார்ப்பது இடப்பக்க ஜன்னல். ரோமிலிருந்து மியூனிக் போயிருந்தால் வலப்பக்க ஜன்னலில் இதே காட்சி வரும், படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அன்று காலை 8.13-க்கு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள் என்று உங்கள் டிக்கெட்தான் சொல்ல வேண்டும். வேறு இரண்டு ஊர்களுக்கு இடையிலான விமானமாகவும் இருக்கலாம், அதனால் இடத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, பாதை ஊகம்தான்.

இந்த வழி எப்போது கைவிடும்

படத்தை வெட்டியிருந்தாலோ, ஜூம் செய்து எடுத்திருந்தாலோ, டிகிரிக்கு 53 பிக்சல் என்ற கணக்கு செல்லாது. கட்டங்களை எண்ணும் முறை மட்டும் அப்போதும் செல்லும். பளபளப்பு இல்லாத படத்தில் மேகத்துக்கும் அதன் நிழலுக்கும் இடையில் உள்ள விலகலைப் பார்த்துச் சூரியன் எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். ஆனால் மேகத்தின் உயரம் தெரியாததால் அது திசைக்கு மட்டும்தான் உதவும். படத்தில் விமான நிலையம் இருந்தால் அதுவே திசைகாட்டியும் அளவுகோலும் ஆகிவிடும். ஓடுபாதையின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அதன் காந்தத் திசை வரும். எண் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஊகித்த இடத்தின் ஓடுபாதையை வரைபடத்தில் பார்த்து வயல் கோடுகளோடு அது செய்யும் கோணத்தை ஒப்பிடலாம்.

பெரிய நகரத்துக்கு மேலே எடுத்த படமென்றால் தெருக் கட்டங்கள் எங்கே திரும்புகின்றன என்று பாருங்கள். பார்சிலோனாவின் எஷாம்ப்ளே பகுதியில் 113 மீட்டர் பக்கமுள்ள மனைத் தொகுதிகள் மூலை வெட்டப்பட்டு, ஏறக்குறைய 45 டிகிரி திரும்பி நிற்கின்றன. அந்தக் கட்டம் ஒழுங்கற்ற பழைய நகரத்தோடு முட்டும் விளிம்பும், குறுக்கே சாய்வாக வெட்டிப்போகும் பெரிய சாலையும்தான் அந்த ஊரை மற்ற கட்ட நகரங்களிலிருந்து பிரித்துக் காட்டும்.

எனக்கு இன்றும் தண்ணி காட்டுவது அமெரிக்காவின் நடுச்சமவெளி. அங்கே 1.6 கிலோமீட்டர்க் கட்டம், ஒவ்வொன்றும் வடக்கு தெற்காக, மாநிலம் மாநிலமாக ஒரே மாதிரி. உள்ளே 800 மீட்டர் விட்டமுள்ள பாசன வட்டங்கள், அவையும் ஆயிரக்கணக்கில். அளவும் திசையும் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால் அவற்றால் பயனில்லை, ஒழுங்கு கெடும் இடங்களைத்தான் தேட வேண்டும். கட்டத்தைக் குறுக்கே வெட்டும் ரயில் பாதை, ஆற்று வளைவு, பூமியின் வளைவைச் சரிசெய்ய நில அளவையர்கள் சாலையை ஒரே இடத்தில் பக்கவாட்டில் தள்ளிவைத்த திருத்தக் கோடுகள், இவற்றில் குறைந்தது இரண்டு படத்தில் இருந்தால் முயன்று பார்க்கலாம். வட்டங்கள் மட்டுமே இருக்கும் படத்தை, விமானப் பாதையும் நேரமும் கையில் இல்லாமல் நான் எடுத்துக்கொள்வதில்லை.